குளத்துப் பம்பு: நேரத்தைக் குறைப்பதா, வேகத்தைக் குறைப்பதா?

ஓசூரில் எங்கள் குடியிருப்பின் பொதுக் கரண்ட் பில்லைப் பிரித்துப் பார்த்தால், லிஃப்டைவிடவும் தெருவிளக்கைவிடவும் அதிகம் இழுப்பது நீச்சல்குளத்தின் சுழற்சிப் பம்புதான். காலை 7 மணிக்குப் போட்டு இரவு 7 மணிக்கு நிறுத்துகிறோம். மே மாதமும் இதே 12 மணி நேரம், ஒருவரும் இறங்காத ஜனவரியிலும் இதே 12 மணி நேரம். இதை மாற்ற வேண்டும் என்பதில் சங்கத்தில் யாருக்கும் மறுப்பில்லை. எப்படி மாற்றுவது என்பதில்தான் மூன்று யோசனைகள் வந்தன. பம்பை அப்படியே வைத்து, பருவத்துக்கு ஏற்ப நேரத்தை மட்டும் மாற்றுவது ஒன்று. அதே மோட்டாருக்கு வேகம் குறைக்கும் வி.எஃப்.டி. பேனல் போடுவது இரண்டாவது. பக்கத்தில் ஒரு சின்ன பம்பை வைத்து, பெரிய பம்பைத் தேவைப்படும்போது மட்டும் ஓட்டுவது மூன்றாவது. எதில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் ஆகும் என்று கணக்குப் போட்ட பிறகு என் மனம் ஒரு பக்கம் சாய்ந்தது. அதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் குளம். நீளம் 20 மீட்டர், அகலம் 8 மீட்டர், சராசரி ஆழம் 1.25 மீட்டர். ஆக 200 கன மீட்டர், அதாவது 2 லட்சம் லிட்டர். 3 எச்.பி. த்ரீ ஃபேஸ் பம்பு, 1050 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சாண்ட் ஃபில்டர், ஓரத்தில் மேலே மிதக்கும் குப்பையை இழுக்கும் ஸ்கிம்மர்கள். இந்த அளவுக் குடியிருப்புகளில் சாதாரணமாகக் காணும் அமைப்புதான்.

பம்பு எவ்வளவு மின்சாரம் எடுக்கும் என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. மணிக்கு எத்தனை கன மீட்டர் தண்ணீர் தள்ளுகிறது என்பது ஒன்று. அதை எத்தனை மீட்டர் ஹெட்டுக்கு, அதாவது தண்ணீர் உயரமாகக் கணக்கிட்ட எதிர்ப்புக்கு, எதிராகத் தள்ளுகிறது என்பது இன்னொன்று. சூத்திரம் சின்னதுதான்:

```
kW = Q × H ÷ (367 × η)
```

Q என்பது மணிக்குப் போகும் கன மீட்டர். H என்பது மீட்டரில் ஹெட். η என்பது பம்பு, மோட்டார் இரண்டும் சேர்ந்த திறன். 367 என்பது 3600-ஐ 9.81-ஆல் வகுத்தால் வருவது.

ஹெட்டை அளக்க ஆள் கூப்பிட வேண்டியதில்லை. ஃபில்டர் தலையில் இருக்கும் கேஜ் எங்களிடம், தண்ணீரைத் தலைகீழாக ஓட்டி மணலைக் கழுவும் பேக்வாஷ் முடிந்து சுத்தமாக இருக்கும்போது, 1.2 கிலோ காட்டுகிறது. ஒரு கிலோ அழுத்தம் 10 மீட்டர் என்பதால் அது 12 மீட்டர். உறிஞ்சும் பக்கத்துக்கு, பம்பின் ஸ்ட்ரெய்னர் அடியில் உள்ள வடிகால் பிளக்கைக் கழற்றிவிட்டு அங்கே ஒரு வேக்குவம் கேஜ் மாட்டினோம். 9 அங்குலப் பாதரசம் காட்டியது. அது ஏறக்குறைய 3 மீட்டர். கூட்டினால் ஹெட் 15 மீட்டர்.

ஓட்டத்தைப் பம்பு கம்பெனி தரும் வரைபடத்தில் 15 மீட்டருக்கு நேரே பார்த்தால் மணிக்கு 32 கன மீட்டர். இது சரியா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. பேக்வாஷ் செய்யும்போது குளத்துத் தண்ணீர்தான் வெளியே போகிறது. குளத்தின் பரப்பு 160 சதுர மீட்டர். ஓடுகள் மீது பென்சிலால் கோடு போட்டுவிட்டு, குளத்துக்குப் புதுத் தண்ணீர் வரும் குழாயை மூடி, 5 நிமிடம் பேக்வாஷ் ஓட்டினால் மட்டம் 17 மில்லிமீட்டர் இறங்க வேண்டும். இறங்கினால் 2.7 கன மீட்டர் போயிருக்கிறது, அதாவது மணிக்கு 32. பேக்வாஷ் பாதையும் வடிகட்டும் பாதையும் ஒன்றல்ல என்பதால் இது தோராயம்தான். ஆனால் வரைபடம் சொல்வதும் கோடு சொல்வதும் ரொம்ப விலகினால் எங்கோ அடைப்பு என்று தெரிந்துவிடும்.

32-ஐ 15-ஆல் பெருக்கி 367-ஆல் வகுத்தால் தண்ணீருக்குப் போய்ச் சேரும் சக்தி 1.3 கிலோவாட். பம்பும் மோட்டாரும் சேர்ந்து பாதியைத்தான் தண்ணீரில் சேர்க்கின்றன, மீதி சூடாகவும் சத்தமாகவும் போகிறது. ஆக கம்பியிலிருந்து எடுப்பது 2.6 கிலோவாட். கிளாம்ப் மீட்டரில் ஒவ்வொரு ஃபேஸிலும் நாலரை ஆம்பியர் வந்தது, கணக்கோடு ஒத்துப்போகிறது. மணிக்கு 2.6 யூனிட், 12 மணி நேரத்துக்கு 31.2, வருஷத்துக்கு 11,388 யூனிட். விலை உங்கள் பில்லில் இருப்பதைப் போட்டுக்கொள்ளுங்கள். நான் கணக்குக்காக யூனிட்டுக்கு 9 ரூபாய் வைக்கிறேன். அப்படிப் பார்த்தால் ஒரு லட்சத்து 2,500 ரூபாய்.

சரி, 12 மணி நேரம் தேவையா? இதைப் பருவம் பார்த்துத்தான் சொல்ல முடியும். குளத்தின் மொத்தத் தண்ணீர் அளவு ஒருமுறை ஃபில்டர் வழியாகப் போவதை ஒரு சுற்று என்கிறோம். ஆனால் ஒரு சுற்று முடிந்தால் எல்லாத் தண்ணீரும் வடிகட்டப்பட்டது என்று அர்த்தமில்லை. வடிகட்டிய நீர் திரும்பிவந்து வடிகட்டாத நீரோடு கலந்துகொண்டே இருப்பதால், ஒரு சுற்றில் 63 சதவீதம்தான் ஃபில்டரைப் பார்த்திருக்கும். இரண்டு சுற்றில் 86, மூன்றில் 95. ஒவ்வொரு கூடுதல் சுற்றும் குறைவாகத்தான் பலன் தரும். கூட்டம் இல்லாத மாதத்தில் இரண்டு சுற்று ஓட்டுவது வீண் என்பதும், பள்ளி விடுமுறையில் இரண்டு சுற்று போதாமல் போவதும் இதனால்தான்.

எங்கள் ஊருக்கு நான் வைத்திருக்கும் தேவை இது. மார்ச் முதல் மே வரை, வெயிலும் பிள்ளைகள் கூட்டமும் சேர்ந்து வரும் மாதங்களில், நாளுக்கு 480 கன மீட்டர். ஜூன் முதல் நவம்பர் வரை 320. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை 192, அதாவது ஏறக்குறைய ஒரே சுற்று. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் அளவில் இருப்பதால் மார்கழி, தை மாதங்களில் தண்ணீர் சில்லென்று ஆகிவிடும். குளிர்ந்த நீரில் பாசி மெதுவாகத்தான் வளரும், குளோரினும் மெதுவாகத்தான் தீரும். தர்மபுரியிலோ கிருஷ்ணகிரி டவுனிலோ இருப்பவர்கள் இந்தக் குளிர்கால அட்டவணையை டிசம்பர், ஜனவரி இரண்டு மாதத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அங்கே பிப்ரவரியிலேயே வெயில் ஏறிவிடும்.

இப்போதைய 12 மணி நேரத்தில் போவது 384 கன மீட்டர். பாருங்கள், கோடையில் இது பற்றாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆழப் பக்கத்தில் கீழே இருக்கும் வடிகால் சல்லடை மங்கலாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான். அதற்குக் குளோரினைக் கூட்டிக்கொண்டே போவது சரியான மருந்தல்ல. குளிர்காலத்திலோ தேவையைப்போல் இரண்டு மடங்கு ஓட்டுகிறோம்.

முதல் யோசனை, நேரத்தை மாற்றுவது. அதே பம்பு, கோடையில் 15 மணி, மழைக்காலத்தில் 10 மணி, குளிரில் 6 மணி. ஆண்டுக்கு 3,750 மணி நேரம், 9,750 யூனிட். மிச்சம் 1,638 யூனிட், ஏறக்குறைய 14,700 ரூபாய். செலவு ஒரு டைமர் மட்டும். இதில் கவனிக்க வேண்டியது, முள் சுற்றும் பழைய மெக்கானிக்கல் டைமர் கரண்ட் போனால் அப்படியே நின்றுவிடும். மாதாந்திரப் பராமரிப்புக்குப் பகல் முழுக்க மின்தடை என்றால், அன்றிலிருந்து உங்கள் 6 மணி நேர ஓட்டம் மதியம் தொடங்கி இரவில் போய் முடியும். உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமராக வாங்குங்கள்.

இரண்டாவது யோசனைக்குத்தான் நான் அதிக இடம் தருகிறேன், ஏனென்றால் மிச்சம் முழுக்க அங்கேதான் ஒளிந்திருக்கிறது. மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பும் குளத்துப் பம்பும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் வேலை வேறு. தொட்டிக்கு ஏற்றும்போது உயரம் என்ற கடனைக் கட்டியே ஆக வேண்டும், மெதுவாகப் போனாலும் அந்த உயரம் குறையாது. குளத்தில் தண்ணீர் எங்கிருந்து புறப்பட்டதோ அங்கேயே திரும்பி வருகிறது. ஏறின உயரத்தை இறங்கும்போது திரும்பக் கொடுத்துவிடுகிறது. பம்பு அறை பேஸ்மென்டில் இருந்தாலும் குளம் மேல்தளத்தில் இருந்தாலும் இதே கதைதான். ஆகவே அந்த 15 மீட்டர் முழுவதும் உராய்வு. குழாய், வளைவு, வால்வு, நாசில் எல்லாம் சேர்ந்து சுமார் 12 மீட்டர், மணல் படுகை சுமார் 3 மீட்டர்.

குழாய் உராய்வு ஓட்டத்தின் வர்க்கத்தில் குறையும். மணலின் உராய்வு ஓட்டம் குறைகிற அளவுக்குத்தான் குறையும். ஓட்டத்தை 32-லிருந்து 20-க்கு இறக்கினால் 12 மீட்டர் 4.7 ஆகிறது, 3 மீட்டர் 1.9 ஆகிறது. மொத்தம் ஏறக்குறைய 6.5 மீட்டர். இப்போது சூத்திரத்தில் போட்டால் 20-ஐ 6.5-ஆல் பெருக்கி 367-ஆல் வகுக்க 0.35 கிலோவாட். மெதுவாக ஓடும்போது மோட்டாரின் திறனும் கொஞ்சம் சரியும், வி.எஃப்.டி.யும் கொஞ்சம் தின்னும். திறனை 43 சதவீதமாக வைத்தால் கம்பியிலிருந்து 0.82 கிலோவாட். ஒரு கன மீட்டர் வடிகட்ட முழு வேகத்தில் 81 வாட்மணி ஆகிறது, இந்த வேகத்தில் 41. அதே தண்ணீர், அதே ஃபில்டர், பாதி மின்சாரம். ஆனால் கூடுதல் நேரம் ஓட வேண்டும்.

கோடையில் கூட்டம் இருக்கும் 5 மணி நேரம் முழு வேகம், அதற்கு வெளியே 16 மணி நேரம் மெது வேகம். மழைக்காலத்தில் காலை 5 முதல் இரவு 9 வரை மெது வேகம் மட்டும். குளிரில் 10 மணி நேரம் மெது வேகம். முழு வேகத்திலும் பேனலின் இழப்பைச் சேர்த்து 2.7 கிலோவாட் எடுத்துக்கொண்டால் ஆண்டுக்கு 5,588 யூனிட் வருகிறது. கீழே எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறேன். மூன்றாவது யோசனையான சின்ன பம்புக்கு மணிக்கு 0.75 யூனிட் என்று கணக்கு.

| யூனிட் | மார்ச்–மே | ஜூன்–நவம்பர் | டிசம்பர்–பிப்ரவரி | ஆண்டு |
|---|---|---|---|---|
| இப்போது, தினம் 12 மணி | 2,870 | 5,710 | 2,808 | 11,388 |
| பருவத்துக்கேற்ற நேரம் | 3,588 | 4,758 | 1,404 | 9,750 |
| வி.எஃப்.டி. | 2,449 | 2,401 | 738 | 5,588 |
| பக்கத்தில் சின்ன பம்பு | 2,300 | 2,196 | 675 | 5,171 |

மார்ச்–மே நெடுவரிசையைப் பாருங்கள். நேரத்தை மட்டும் மாற்றினால் கோடைச் செலவு கூடுகிறது, ஏனென்றால் தேவையான அளவு அப்போதுதான் ஓட்டுகிறோம். வி.எஃப்.டி. போட்டால் அதே 480 கன மீட்டரை இன்றைய செலவைவிடக் குறைவாக எடுத்துவிடலாம். கோடையில் கலங்கல், குளிரில் வீண் செலவு என்ற இரண்டு குறையும் ஒன்றாகத் தீர்வது இதில்தான்.

பேனல், வயரிங் எல்லாம் சேர்த்து 40,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நேரத்தை மாற்றிய பிறகும் இது தரும் கூடுதல் மிச்சம் 4,162 யூனிட், 37,000 ரூபாய்க்குச் சற்று மேல். ஒரு வருஷத்தைக் கொஞ்சம் தாண்டியதும் போட்ட பணம் திரும்பிவிடும். இப்போதைய நிலையோடு ஒப்பிடாமல், ஒரு டைமர் செலவில் செய்யக்கூடிய முதல் யோசனையோடு ஒப்பிட்டிருக்கிறேன் என்பதைக் கவனியுங்கள். விற்க வருபவர்கள் எப்போதும் 12 மணி நேரத்தோடு ஒப்பிட்டுத்தான் காட்டுவார்கள்.

இதற்கு இடையில் இன்னொரு யோசனையும் அடிக்கடி வரும். எங்கள் குளத்தைப் பார்த்துக்கொள்கிற அண்ணன் வால்வைப் பாதி மூடிவிட்டு, "சார், ஆம்பியர் குறையுது பாருங்க" என்று காட்டினார். குறைவது உண்மை. ஆனால் ஓட்டம் அதைவிட வேகமாகக் குறைந்துவிடுகிறது. பம்பு அதே வேகத்தில் சுற்றி, உண்டாக்கின அழுத்தத்தை வால்விலேயே தேய்த்துத் தீர்க்கிறது. மணிக்கு ஆகும் யூனிட் குறையும், கன மீட்டருக்கு ஆகும் யூனிட் கூடும். ஃபில்டர் அழுக்கானாலும் நடப்பது இதேதான். பில் குறைந்தது என்று சந்தோஷப்படும்போது தண்ணீர் சுற்றவில்லை என்பதுதான் நிஜம்.

மூன்றாவது யோசனை யூனிட்டில் இன்னும் 400 குறைவு. பிறகு ஏன் அதை எடுக்கவில்லை? சின்ன பம்பு தனியாக இருந்தால் பேக்வாஷ் நடக்காது. மணலைத் தூக்கிக் கழுவ, படுகையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் மணிக்கு 37 கன மீட்டர் அளவில் தண்ணீர் வேண்டும். எங்கள் ஃபில்டரின் பரப்பு 0.87 சதுர மீட்டர், ஆக 32 கன மீட்டர். 20-இல் கழுவினால் மேலே இருக்கும் தூசி போகும், மணலுக்குள் இருக்கும் எண்ணெய்ப்பசை அப்படியே கட்டியாகும். ஆகவே பெரிய பம்பு இருந்தே ஆக வேண்டும். இரண்டு பம்பு, இரண்டு திரும்பா வால்வு, புதுக் குழாய் வேலை. இன்னொன்று, ஃபில்டர் அழுக்காகி ஹெட் 6.5-லிருந்து 9 மீட்டருக்கு ஏறினால் சின்ன பம்பின் ஓட்டம் விழுந்துவிடும். வி.எஃப்.டி.யில் நாலைந்து ஹெர்ட்ஸ் ஏற்றினால் முடிந்தது. ஆனால் உங்கள் மோட்டார் சிங்கிள் ஃபேஸ் என்றால் பேச்சே வேறு. கெப்பாசிட்டர் வைத்த சிங்கிள் ஃபேஸ் மோட்டாரைச் சாதாரண வி.எஃப்.டி.யில் மாட்டக் கூடாது. அங்கே சின்ன பம்புதான் நியாயமான வழி, அல்லது பம்பு மாற்றும் காலம் வரும்போது வேகம் மாற்றும் வசதி உள்ளதாகவே வாங்கிவிடலாம். சின்ன பம்பு வாங்குகிறவர்கள் 6.5 மீட்டர் ஹெட்டில் 20 கன மீட்டர் தரும் பம்பு என்று கேட்க வேண்டும். பழைய 15 மீட்டரைச் சொன்னால் கடைக்காரர் பெரிய பம்பையே திரும்பத் தருவார்.

திறன் கூடிய புது மோட்டார் மட்டும் போட்டால் போதாதா என்றும் கேட்டார்கள். 82 சதவீத மோட்டாரை 86 சதவீத மோட்டாராக மாற்றினால், பருவ நேரத்தில் ஓட்டும்போது, ஆண்டுக்கு 450 யூனிட் மிஞ்சும். பழைய மோட்டார் எரிந்து போனால் செய்யலாம், அதற்காக நல்ல மோட்டாரைக் கழற்ற வேண்டியதில்லை.

இந்தக் கணக்கு ஓரளவு மாறும் இடம் ஒன்று, ஓரம் வழிந்து ஓடும் குளங்கள். அவற்றில் வழிந்த நீர் ஒரு சமநிலைத் தொட்டியில் விழுந்து, அங்கிருந்து பம்பு எடுக்கும். தொட்டி நீர்மட்டம் குளத்தைவிட ஒன்றரை மீட்டர் கீழே இருந்தால் அந்த ஒன்றரை மீட்டர் எந்த வேகத்திலும் குறையாது. முழு வேகத்தில் 15-இல் அது சின்னது, மெது வேகத்தில் 6.5-இல் அது பெரிய பங்கு. மிச்சம் இருக்கும், ஆனால் நான் காட்டிய அளவுக்கு இருக்காது.

வி.எஃப்.டி. போட்டவுடன் கெடக்கூடியவை சில உண்டு. மணிக்கு 20 கன மீட்டருக்கு ஏறக்குறைய 32, 33 ஹெர்ட்ஸ் வரும். அந்த வேகத்தில் பம்பு நேராகத் தொடங்கினால் காற்றை இழுத்துவிட்டுத் தண்ணீர் ஏறாமல் சுற்றக்கூடும். ஆகவே தினமும் முதல் 5 நிமிடம் 50 ஹெர்ட்ஸில், அதாவது முழு வேகத்தில், ஓடும்படி வையுங்கள். 25 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறக்க வேண்டாம், மோட்டாரின் விசிறியும் அதே தண்டில் இருப்பதால் காற்று போதாது. மழைக்காலத்தில் காற்றடித்து இலையும் பூவும் விழும், மெது வேகத்தில் ஸ்கிம்மர் அவற்றை இழுக்காது. அந்த மாதங்களில் காலையில் ஒரு மணி நேரம் முழு வேகம் கொடுத்து, மெது வேகத்தில் அதற்கு ஈடாக ஒன்றரை மணி நேரம் குறைத்துக்கொண்டால் பருவம் முழுக்கச் சேர்ந்து ஏறக்குறைய 270 யூனிட்தான் கூடும். கொடுத்துவிடலாம்.

கேஜ்தான் பலரையும் ஏமாற்றும். சுத்தமான கேஜ் அளவைவிட அரை கிலோவுக்கு மேல் ஏறினால் பேக்வாஷ் என்பது வழக்கம். மெது வேகத்தில் சுத்தமான ஃபில்டரே அரை கிலோ அளவில்தான் காட்டும், அழுக்கு சேர்ந்தாலும் முள் கொஞ்சம்தான் நகரும். அதைப் பார்த்துக்கொண்டு இருந்தால் பேக்வாஷ் வாரக்கணக்கில் தள்ளிப்போய் மணல் கட்டியாகிவிடும். வாரம் ஒரு நாள் 50 ஹெர்ட்ஸுக்கு ஏற்றி, அப்போதைய அளவைப் பழைய 1.2 கிலோவோடு ஒப்பிட வேண்டும். 0 முதல் 2 கிலோ வரை மட்டும் காட்டும் கேஜ் ஒன்று மாட்டினால் படிப்பதும் எளிது.

மிச்சத்தைச் சரிபார்க்க வி.எஃப்.டி.யிலிருந்து மோட்டாருக்குப் போகும் கம்பியில் சாதாரண கிளாம்ப் மீட்டரைப் போட்டுப் பார்க்காதீர்கள், அது தப்பாகக் காட்டும். பேனலுக்கு உள்ளே வரும் பக்கத்தில் ஒரு சப்-மீட்டர் வைத்து, மெது வேகத்தில் மட்டும் ஓடும் ஒரு நாளின் 16 மணி நேரத்துக்கு 13 யூனிட் அளவில் வருகிறதா என்று பாருங்கள். விலை கேட்கும்போதே இந்தச் சப்-மீட்டரையும், 20 கன மீட்டரில் எத்தனை கிலோவாட் என்ற எழுத்துபூர்வமான உறுதியையும் சேர்த்துக் கேட்கிறோம். அதை எழுதித் தர மறுக்கிறவரின் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் எங்கள் சங்கம் எடுக்கப்போவதில்லை. பேனல் வரும்வரை டைமரை 15, 10, 6 என்று மாற்றி ஓட்டுகிறோம்.